திரையில் 212, கைக்கு வருவது 206

ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் அமைத்தவை. ஆனாலும் ஸ்மால்கேப் பங்குகளை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இவை பழகிய எண்களாகவே தெரியும். செல்போன் செயலியில் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் 212 ரூபாய் என்று பெரிய எழுத்தில் நிற்கிறது. அதில் 1,000 பங்கு வாங்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்கிறார். 2 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டு, ‘மார்க்கெட் ஆர்டர்’ பொத்தானை அழுத்தப் போகிறார்.

அழுத்துவதற்கு முன் அந்த 212 என்ன என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்த வியாபாரம் பத்தே பத்துப் பங்குக்கு நடந்திருக்கலாம், அதுவும் அரை மணி நேரத்துக்கு முன்னால். இப்போது அந்த விலையில் விற்கவோ வாங்கவோ யாராவது காத்திருக்கிறார்களா, எத்தனை பங்குக்குக் காத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பெரிய எழுத்து சொல்லாது. அதைச் சொல்வது அதற்குக் கீழே, பெரும்பாலானோர் விரலால் தள்ளிவிட்டுப் போகும் ‘மார்க்கெட் டெப்த்’ என்ற சிறிய பகுதி. இடப்பக்கம் ஐந்து வரி, வலப்பக்கம் ஐந்து வரி. நம் பங்குக்கு அது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வாங்கக் காத்திருப்பவர்கள்:
208.50 ரூபாயில் 140 பங்கு
208.00 ரூபாயில் 300 பங்கு
206.10 ரூபாயில் 75 பங்கு
205.00 ரூபாயில் 1,000 பங்கு
202.00 ரூபாயில் 500 பங்கு

விற்கக் காத்திருப்பவர்கள்:
212.00 ரூபாயில் 90 பங்கு
213.40 ரூபாயில் 210 பங்கு
215.00 ரூபாயில் 400 பங்கு
217.50 ரூபாயில் 300 பங்கு
220.00 ரூபாயில் 1,000 பங்கு

வாங்க வந்தவர்களில் அதிக விலை கேட்பவர் 208.50 தருகிறார். அது ‘பிட்’. விற்க வந்தவர்களில் குறைந்த விலை சொல்பவர் 212 கேட்கிறார். அது ‘ஆஸ்க்’, சிலர் ‘ஆஃபர்’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள 3 ரூபாய் 50 காசுதான் ஸ்ப்ரெட். இந்த நொடியில் ஒரே ஒரு பங்கை வாங்கி, மறுநொடியே விற்றால் அந்த மூன்றரை ரூபாய் போய்விடும். பங்கின் விலை ஒரு காசுகூட இறங்கியிருக்காது, ஆனாலும் நஷ்டம். நடு விலையான 210.25-ஐ வைத்துப் பார்த்தால் அது 1.66 சதவீதம்.

நம்மவர் ஒரு பங்கோடு நிற்கவில்லை, ஆயிரம் பங்கு கேட்கிறார். மார்க்கெட் ஆர்டர் என்றால் ‘எந்த விலையானாலும் சரி, உடனே வேண்டும்’ என்று பொருள். கணினி அதை அப்படியே நிறைவேற்றும். முதல் வரியில் உள்ள 90 பங்கை 212 ரூபாயில் எடுக்கும். அடுத்த 210 பங்கை 213.40-க்கு எடுக்கும். 215-க்கு 400. இன்னும் 300 பாக்கி, அதை 217.50-க்கு எடுக்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மொத்தச் செலவு 2,15,144 ரூபாய். சராசரி விலை 215 ரூபாய் 14 காசு. அவர் நினைத்ததைவிட 3,144 ரூபாய் கூடுதல். நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் இடையில் விழுந்த இந்த இடைவெளிக்கு ஸ்லிப்பேஜ் என்று பெயர்.

ஒரு வாரம் கழித்து அவருக்குப் பணம் தேவைப்படுகிறது. நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அதே பத்து வரிகளும் அப்படியே நிற்கின்றன. ஆயிரம் பங்கையும் மார்க்கெட் ஆர்டரில் விற்கிறார். 140 பங்கு 208.50-க்கும், 300 பங்கு 208-க்கும், 75 பங்கு 206.10-க்கும், மீதி 485 பங்கு 205-க்கும் போகின்றன. கைக்கு வருவது 2,06,472 ரூபாய் 50 காசு. ஒரு பங்குக்கு 206 ரூபாய் 47 காசு. போட்டதற்கும் எடுத்ததற்கும் வித்தியாசம் 8,671 ரூபாய், அதாவது நான்கு சதவீதம். இந்தப் பரிவர்த்தனைக்குப் பங்குப் பரிவர்த்தனை வரியாக அரசு வாங்குவது, இரு பக்கமும் 0.1 சதவீதம் வீதம், ஏறத்தாழ 422 ரூபாய்தான். அந்த 422 ரூபாய் கான்ட்ராக்ட் நோட்டில் தனி வரியாக அச்சாகி வரும். 8,671 ரூபாய்க்கு எந்தக் காகிதத்திலும் வரி கிடையாது. அது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ளேயே கரைந்துவிடுகிறது. ‘சந்தை சரியில்லை, நாலு சதவீதம் நஷ்டம்’ என்று அவர் சொல்லிக்கொள்வார். சந்தை நகரவே இல்லை.

இதே தொகையோடு அவர் ஒரு பெரிய வங்கியின் பங்குக்குப் போயிருந்தால்? 1,400 ரூபாய் விலையில், பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் பத்துக் காசு இடைவெளியில் வியாபாரம் ஆகும் பங்கு என்று கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பங்குகள் நிற்கும். 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க்கு 150 பங்கு. மொத்தமும் முதல் வரியிலேயே அடங்கிவிடும். வாங்கி விற்றால் ஸ்ப்ரெட்டில் போவது பதினைந்து ரூபாய். ஒரே ஆள், ஏறத்தாழ ஒரே தொகை, ஒரே பொத்தான். அங்கே 8,671, இங்கே 15.

ஸ்ப்ரெட்டையும் ஸ்லிப்பேஜையும் பலர் ஒன்றாகவே போட்டுப் பேசுகிறார்கள், பிரித்துப் பார்ப்பது நல்லது. நம் சிறிய பங்கில் ஐம்பதே பங்கு வாங்கி விற்றிருந்தால் முதல் வரியிலேயே முடிந்திருக்கும். இழப்பு 175 ரூபாய், 1.65 சதவீதம். அது வாசல் கட்டணம்போல, எவ்வளவு சிறிதாக வந்தாலும் கட்டியே ஆக வேண்டியது. ஆயிரம் பங்கு என்றதும் அது நான்கு சதவீதமாக ஏறியது. ஸ்ப்ரெட் பங்கைப் பொறுத்தது. ஸ்லிப்பேஜ் பங்கையும் பொறுத்தது, நீங்கள் கேட்கும் அளவையும் பொறுத்தது, கேட்கும் அவசரத்தையும் பொறுத்தது.

சரி, அந்த மூன்றரை ரூபாய் யாருக்குப் போகிறது, ஏன் போகிறது? இதில்தான் மெல்லிய சந்தையின் சூட்சுமம் இருக்கிறது.

பழைய பைக் வாங்கி விற்கும் வியாபாரியைப் பாருங்கள். உங்கள் வண்டியை 40 ஆயிரத்துக்கு எடுத்து, 46 ஆயிரத்துக்கு விற்கிறார். நடுவில் உள்ள ஆறாயிரத்தில் கடை வாடகை கொஞ்சம் இருக்கும். அதைவிடப் பெரிய பங்கு இரண்டு அச்சங்களுக்கானது. ஒன்று, அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியாது. நாள் ஆக ஆக வண்டியின் விலை இறங்கும். தினமும் பத்துப் பேர் கேட்டு வரும் மாடல் என்றால் குறைந்த லாபம் வைத்தாலே போதும். மாதத்துக்கு ஒருவர் கேட்கும் மாடல் என்றால் அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பார். இரண்டாவது அச்சம், விற்க வந்தவருக்கு வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஏதோ தெரிந்திருக்கலாம் என்பது. எஞ்சினில் கோளாறு இருக்கிறதா, விபத்தில் சிக்கியதா? அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைக்கிறார்.

பங்குச் சந்தையில் 208.50-க்கு வாங்குகிறேன் என்று ஆர்டர் போட்டுக் காத்திருப்பவரின் நிலையும் இதுவே. அவர் பொறுமையாகக் காத்திருக்கிறார், அவசரப்படுபவர் வந்து அவரிடம் விற்கிறார். அவசரப்படுபவர் பொறுமைக்காரருக்குத் தரும் கூலிதான் ஸ்ப்ரெட் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஹெரால்ட் டெம்செட்ஸ் 1968-இல் எழுதினார். நியூயார்க் பங்குச் சந்தைப் பங்குகளை ஆராய்ந்த அவர், வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்கும் பங்குகளில் அந்தக் கூலி குறைவாக இருப்பதையும் காட்டினார். எதிர்ப்பக்க ஆள் சீக்கிரம் வந்துவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தால் குறைந்த கூலிக்குக் காத்திருக்க ஆள் கிடைக்கும்.

இரண்டாவது அச்சத்தைத் தெளிவாகச் சொன்னவர் ஜாக் ட்ரெய்னர். வால்டர் பேஜட் என்ற புனைபெயரில் 1971-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையின் சாரம் இதுதான்: இருபக்கமும் விலை சொல்லிக் காத்திருப்பவர், தன்னைவிட அதிகம் தெரிந்தவர்களிடம் எப்போதும் தோற்பார். அந்த நஷ்டத்தை, பணத் தேவைக்காக மட்டும் வாங்கி விற்கும் சாதாரண ஆட்களிடமிருந்து ஸ்ப்ரெட்டாக ஈடுகட்டினால்தான் தொழிலில் நிற்க முடியும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் உறைத்த கருத்து இது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கும் ஒருவர், உள்விவரம் தெரிந்து விற்கும் இன்னொருவருக்காகவும் சேர்த்துக் கட்டுகிறார். திரையில் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள், காத்திருப்பவரால் பிரித்தறிய முடியாது. ஐம்பது ஆய்வாளர்கள் கவனிக்கும் பெரிய வங்கியில் எவருக்கும் தனியாகத் தெரிந்தது அதிகம் இருக்காது. ஒரு ஆய்வாளரும் எட்டிப்பார்க்காத சிறிய நிறுவனத்தில், திடீரென்று ஆயிரம் பங்கு விற்க ஒருவர் வந்தாலே ‘இவருக்கு என்ன தெரியும்?’ என்ற கேள்வி எழும். அதனால் பிட் கீழே இறங்கி நிற்கும்.

இந்த இரண்டு அச்சங்களும் சேர்ந்து ஒரு சுழலை உண்டாக்குகின்றன. வியாபாரம் குறைவாக இருப்பதால் ஸ்ப்ரெட் அகலமாகிறது. ஸ்ப்ரெட் அகலமாக இருப்பதால், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. அவர்கள் வராததால் வியாபாரம் இன்னும் குறைகிறது. இந்தச் சுழல் ஒரு பங்கை மட்டுமல்ல, ஒரு சந்தையையே விழுங்கும். மெட்ராஸ் பங்குச் சந்தை 1937-இல் தொடங்கி, தென்னிந்திய நிறுவனங்களின் பங்குகளுக்குச் சொந்த இடமாக இருந்தது. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை நாடு முழுவதும் கணினித் திரைகளை விரித்தபோது, சென்னையில் இருந்த முதலீட்டாளரும் நல்ல விலை கிடைக்கும் இடத்துக்கே ஆர்டரை அனுப்பினார். அதில் தவறே இல்லை, அவர் பணம் அவருடையது. அங்கே கூட்டம் கூடக் கூட இங்கே ஆர்டர்கள் மெலிந்தன. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வியாபாரம்கூட இல்லாத சந்தைகள் வெளியேற வழிசெய்து 2012-இல் செபி விதி கொண்டுவந்தது. மெட்ராஸ் பங்குச் சந்தையின் கதவு 2015-இல் மூடியது.

ஸ்லிப்பேஜ் மிகக் கொடுமையாகத் தாக்கும் இடம் ஸ்டாப்லாஸ். நம்மவர் 215.14-க்கு வாங்கிய ஆயிரம் பங்குக்கு 200 ரூபாயில் ஸ்டாப்லாஸ் போட்டு வைக்கிறார் என்போம். எவ்வளவு போனாலும் பதினைந்தாயிரத்துக்கு மேல் போகாது என்று நிம்மதியாக இருக்கிறார். மதியம் ஒரு மணிக்குக் காலாண்டு முடிவு வருகிறது, லாபம் சரிந்திருக்கிறது. முதலில் நடப்பது விற்பனை அல்ல. 208.50-இலும் 208-இலும் வாங்கக் காத்திருந்தவர்கள் தங்கள் ஆர்டர்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். புத்தகம் காலியாகிறது. அதன்பிறகு யாரோ விற்க, 200-க்குக் கீழே ஒரு வியாபாரம் நடக்கிறது. நம்மவரின் ஸ்டாப்லாஸ் விழித்துக்கொண்டு மார்க்கெட் ஆர்டராக மாறுகிறது. அப்போது எதிரே மிச்சம் இருப்பது 194 ரூபாயில் 200 பங்கு, 187-இல் 300, 181.50-இல் 800. ஆயிரம் பங்கும் சராசரியாக 185 ரூபாய் 65 காசுக்குப் போகிறது. எதிர்பார்த்த நஷ்டம் 15,144. ஆன நஷ்டம் 29,494. ஸ்டாப்லாஸில் எழுதிய விலை, ஆர்டர் எப்போது எழ வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. எந்த விலைக்கு விற்கும் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை.

இப்படி ஆர்டர் புத்தகம் காலியான கணங்களில் ஆப்ஷன் விலைகள் தாறுமாறாக எகிறியதைத் தொடர்ந்து, 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு மார்க்கெட் விலையில் பாயும் ஸ்டாப்லாஸ் ஆர்டரை என்.எஸ்.இ. நிறுத்தியது. 2023 அக்டோபர் 9 முதல் பி.எஸ்.இ.யும் அந்த ஆர்டரை நிறுத்தியது. அதற்குப் பதிலாக, இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று எல்லை வைக்கும் ஸ்டாப்லாஸ் போடலாம். ஆனால் மேலே சொன்ன மதியத்தில் 198-ஐ எல்லையாக வைத்திருந்தால், விலை அதைத் தாண்டிக் கீழே குதித்திருக்கும், ஆர்டர் நிறைவேறாமல் தொங்கியிருக்கும், பங்கு கையிலேயே இருக்கும். மோசமான விலையா, விற்க முடியாமையா என்று இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். லோயர் சர்க்யூட்டில் பூட்டிய பங்கில் அந்தத் தேர்வும் இல்லை. இடப்பக்கம் ஐந்து வரியும் வெறுமையாக இருக்கும். பிட்டே இல்லாதபோது ஸ்ப்ரெட் எவ்வளவு என்று கேட்கவே வழியில்லை.

மெல்லிய சந்தை என்பது சிறிய பங்குகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. ஆழம் என்பது ஆர்டரின் அளவோடு ஒப்பிட்டுப் பேச வேண்டியது. 2012 அக்டோபர் 5 காலையில், எம்கே குளோபல் என்ற புரோக்கர் நிறுவனத்தின் முனையத்திலிருந்து தவறுதலாக 59 விற்பனை ஆர்டர்கள் பாய்ந்தன. மொத்த மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல். நாட்டிலேயே அதிகம் வியாபாரமாகும் நிஃப்டி பங்குகளின் வாங்கும் வரிசைகளை அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டே கீழே போயின. நிஃப்டி சில நொடிகளில் சுமார் 900 புள்ளிகள் சரிந்து, வியாபாரம் நிறுத்தப்பட்டது. நாட்டில் எந்தக் கெட்ட செய்தியும் இல்லை. மீண்டும் தொடங்கியதும் குறியீட்டெண் பழைய இடத்துக்கு அருகே திரும்பிவிட்டது. அந்த நொடிகளில் ஸ்டாப்லாஸ் விழித்து விற்றுப்போனவர்களுக்கு, அந்தத் திரும்புதல் எந்தப் பயனும் தரவில்லை.

எந்த அளவு ஆர்டருக்கு எவ்வளவு செலவு என்பதை அளக்க என்.எஸ்.இ. ‘இம்பாக்ட் காஸ்ட்’ என்ற ஒன்றைக் கையாள்கிறது. பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடு விலையை எடுத்துக்கொண்டு, உண்மையில் கிடைக்கும் சராசரி விலை அதிலிருந்து எத்தனை சதவீதம் விலகியிருக்கிறது என்று பார்ப்பது. நிஃப்டி 50-இல் இடம்பெற விரும்பும் பங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: 10 கோடி ரூபாய் ஆர்டருக்கு, ஆறு மாத அளவீடுகளில் 90 சதவீதம் முறை, இந்தச் செலவு 0.50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் சிறிய பங்கில் நடு விலை 210.25, வாங்கிய சராசரி 215.14. இம்பாக்ட் காஸ்ட் 2.33 சதவீதம். அதுவும் 10 கோடிக்கு இல்லை, வெறும் இரண்டேகால் லட்சத்துக்குள். இந்தக் கணக்குக்குத் தேவைப்படுவது திரையில் உள்ள ஐந்து வரியும் ஒரு கால்குலேட்டரும்தான். வாங்கும்போது ஒரு தரமும், அதைவிட முக்கியமாக, இதே அளவை இப்போதே விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒரு தரமும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலோர் போடுவதில்லை. விற்கும் நாள் வந்த பிறகுதான் இடப்பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

வால்யூம் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. நேற்று மூன்று லட்சம் பங்கு கைமாறியது என்றால், அதில் பெரும்பகுதி இரண்டு பெரியவர்களுக்குள் ஒரே வீச்சில் நடந்த வியாபாரமாக இருக்கலாம். இன்று அந்தப் பக்கம் ஈ காக்கை இருக்காது. ஒரு வாரம், வெவ்வேறு நேரங்களில், ஸ்ப்ரெட்டைப் பார்த்து எழுதிவைத்தால் வால்யூம் சொல்லாததை அது சொல்லும். காலை 9.15-க்குச் சந்தை திறந்த முதல் சில நிமிடங்களில் ஸ்ப்ரெட் அகலமாக இருப்பதையும், பிறகு சுருங்குவதையும் கண்ணால் காணலாம். ஐந்து வரியில் தெரிவதே முழு உண்மை என்றும் கொள்ள வேண்டாம். பெரிய ஆர்டரின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மீதியை மறைக்க வழி இருக்கிறது. காட்டிய ஆர்டரை நொடியில் திரும்ப எடுக்கவும் வழி இருக்கிறது.

லிமிட் ஆர்டர் போட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்பார்கள். பாதி தீரும். 213.40-க்கு மேல் வேண்டாம் என்று எல்லை வைத்தால் நம்மவருக்கு 300 பங்கு உடனே கிடைக்கும். மீதி 700-க்கு அவரே வாங்கும் வரிசையின் தலையில் நிற்பார். யாராவது விற்க வந்தால் கிடைக்கும். இப்போது அவரும் பொறுமைக்காரர், ஸ்ப்ரெட்டைக் கட்டுவதற்குப் பதில் பெறும் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் ட்ரெய்னர் சொன்ன அச்சமும் இப்போது அவருக்கு வந்து சேர்கிறது. நல்ல செய்தி வந்தால் விலை மேலே ஓடிவிடும், அவருக்கு 700 பங்கு கிடைக்காது. கெட்ட செய்தி வந்தால், அவர் ஆர்டரை எடுக்க மறந்திருந்தால், எழுநூறும் அந்தக் கணமே கிடைத்துவிடும். பொறுமைக்கும் விலை உண்டு, அது முன்கூட்டியே திரையில் தெரியாது, அவ்வளவுதான். இருந்தாலும் மெல்லிய பங்கில் என் சார்பு லிமிட் ஆர்டரின் பக்கமே. ஆயிரத்தை நூறு நூறாகப் பிரித்து இரண்டு மூன்று நாளில் வாங்குபவர் 215.14 கொடுக்க வேண்டி வருவது அரிது. அவசரமாக நுழைய வேண்டிய காரணம் ஒரு ஸ்மால்கேப் முதலீட்டாளருக்கு அடிக்கடி இருப்பதும் இல்லை.

பொருள் எவ்வளவு புழங்கினாலும் அதன் காகிதம் மெலிந்து கிடக்கலாம் என்பதற்குத் தங்கப் பத்திரங்கள் சான்று. தங்கத்தை உலகில் எங்கும் நொடியில் விற்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கி 2015 நவம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை அறுபதுக்கும் மேற்பட்ட தவணைகளாகத் தங்கப் பத்திரங்களை வெளியிட்டது. ஒவ்வொரு தவணையும் சந்தையில் தனித்தனிப் பெயரில், தனித்தனி ஆர்டர் புத்தகத்தோடு பட்டியலாகியிருக்கிறது. வாங்க நினைப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் அத்தனை புத்தகங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். எட்டு ஆண்டு முதிர்வுக்கு முன் சந்தையில் விற்கப் போகிறவர், தன் தவணையின் பிட்டை அன்றைய தங்க விலையோடும், அதற்கு நெருங்கிய முதிர்வுள்ள மற்றத் தவணைகளின் பிட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிதறிக் கிடப்பவர்களைக் கூட்டிவைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2013-இல் செபி, நாள் சராசரியாக 10,000 பங்குக்கும் 50 வியாபாரத்துக்கும் குறைவாக நடக்கும் பங்குகளைத் தொடர் வியாபாரத்திலிருந்து எடுத்து, ஒரு மணி நேர ஏலங்களுக்கு மாற்றியது. ஆர்டர்கள் முதலில் சேரும், பிறகு எல்லோருக்கும் ஒரே விலையில் முடியும். ஒரே ஏலத்துக்குள் சற்று முன்னும் பின்னுமாக வந்த விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் தவறவிடாமல் சந்திக்கலாம். ஒரே விலை என்பதால் வரி வரியாக ஏறிச் செல்லும் ஸ்லிப்பேஜும் குறைகிறது. உடனே நுழையவும் வெளியேறவும் முடியாது என்பது அதற்கு ஈடாகக் கொடுப்பது.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்.எம்.இ. தளத்தில் வேறு வழி பிடித்தார்கள். அங்கே பட்டியலாகும் ஒவ்வொரு பங்குக்கும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு ‘மார்க்கெட் மேக்கர்’ கட்டாயம். வியாபார நேரத்தில் 75 சதவீதம் அவர் இருபக்கமும் விலை சொல்லி நிற்க வேண்டும். வாங்க வேறு யாருமே இல்லாத நாளிலும் அதனால் இடப்பக்கத்தில் ஒரு வரியாவது இருக்கும். அந்தத் தளத்தில் லாட் கணக்கில்தான் வியாபாரம், நூறு நூறாகப் பிரித்து விற்கும் வசதி இல்லை. அதனால் அந்த ஒரு வரியை நம்பியே பலர் உள்ளே போகிறார்கள். பட்டியலான நாளிலிருந்து மூன்று ஆண்டு எப்போது முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கில் விலை சொல்லி நிற்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.